பதினெட்டாயிரம் எந்தப் பக்கம்?

குழாய், குழாய் வளைவு, வால்வு, தண்ணீர்த் தொட்டி என்று மொத்தமாக விற்கும் அந்தக் கடையின் மாடியில் உட்கார்ந்து கணக்கெழுதிய அம்மாளை எல்லோரும் டிக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போடாமல் அவள் கை ஓயாது. லாரியில் சரக்கு ஏற்றுகிறவர்கள், "அக்கா, வீட்டுல சோத்துக்கும் டிக் போட்டுத்தான் சாப்பிடுவீங்களா?" என்று கேட்பார்கள். "நீ தின்ற சோத்துக்கு யாராவது டிக் போட்டிருந்தா கடை எப்பவோ முன்னேறியிருக்கும்டா" என்று அவளும் விடமாட்டாள். அப்போதெல்லாம் வாயில் சிரிப்பு இருந்தது.

மேசை பழையது; ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் வழிந்த பாசியும்தான் தெரியும். கீழே, மரக்கூண்டுக்குள் கேஷியர். அவளைவிடப் பத்து வயது சின்னவன். ஒல்லி. பணத்தை எண்ணும்போது உதடு அசையும், சத்தம் வராது. தினமும் கடை மூடுவதற்கு முன் பெட்டியில் இருக்கும் பணத்தை எண்ணி, ரொக்கப் புத்தகத்தின் மீதியோடு ஒப்பிட்டு, முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட ஒரு காசு குறைந்ததில்லை. ஒருநாள் ஐந்து ரூபாய் கூடியிருந்தது. யாருடையது என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்தான்.

கம்ப்யூட்டர் அந்தப் படிக்கட்டில் ஏறாத காலம். எல்லாம் கைக்கணக்கு. வருடம் முடிந்ததும், ஆளுக்கும் பொருளுக்கும் தனித்தனிப் பக்கமாக அவள் எழுதும் பேரேடான லெட்ஜரில் உள்ள ஒவ்வொரு கணக்கின் மீதியையும் ஒரு நீளத் தாளில் எடுத்தெழுதி, டெபிட் மீதிகளை ஒரு பக்கமும் கிரெடிட் மீதிகளை இன்னொரு பக்கமும் கூட்டுவாள். அதுதான் ட்ரயல் பேலன்ஸ். இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றாக வந்தாக வேண்டும். மாயம் ஒன்றும் இல்லை. ஒரு பைசா வந்தாலும் போனாலும் இரண்டு இடத்தில் எழுதுவதுதான் வழக்கம்: வாங்கியவர் பெயரில் டெபிட், கொடுத்தவர் பெயரில் கிரெடிட். இரண்டும் ஒரே தொகை. வருடம் முழுக்க இரண்டு பக்கமும் சமமாக எழுதிவிட்டு, கடைசியில் கூட்டினால் சமமாகத்தானே வரும்? வரவில்லை என்றால் எங்கேயோ ஒரு பக்கம் மட்டும் எழுதி மறுபக்கம் விட்டிருக்கிறோம், அல்லது பக்கம் மாற்றி எழுதியிருக்கிறோம், அல்லது எண்ணைத் தப்பாக எழுதியோ கூட்டியோ இருக்கிறோம். தப்பு எழுதிய கையில். இதுதான் டிக் அக்காவுக்குத் தெரிந்த சாஸ்திரம்.

அந்த வருடம் கிரெடிட் பக்கம் பதினெட்டாயிரம் கூடியிருந்தது.

முதலில் அவள் பதறவில்லை. வித்தியாசம் வராத வருடம் ஏது? வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்த்தாள்: ஒன்பதாயிரம். ஒன்பதாயிரத்தை டெபிட்டில் எழுதுவதற்குப் பதில் கிரெடிட்டில் எழுதியிருந்தால் இரட்டிப்பாகப் பதினெட்டாயிரம் உதைக்கும். பிறகு ஒன்பதால் வகுத்தாள்: சரியாக வகுபட்டது. அப்படியானால் எண்கள் இடம் மாறியும் இருக்கலாம். பன்னிரண்டை இருபத்தொன்று என்று எழுதுவதுபோல; அப்படி மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். இரண்டு வாசலும் திறந்திருந்தது. அதுதான் அவளுக்கு வந்த கஷ்டம்.

வழக்கமாக இப்படி வந்தால் ஒரு முறை உண்டு. கேஷியர் மாடிக்கு வந்து ரொக்கப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிப்பான். அவள் லெட்ஜரில் அந்த வரியைத் தேடி டிக் போடுவாள். தான் எழுதியதைத் தானே சரிபார்த்தால் கை எழுதிய பொய்யைக் கண் நம்பிவிடும். காதால் கேட்டால் நம்பாது. எட்டு வருடமாக அப்படித்தான் செய்தார்கள். ஒருமுறை கூட ஒரு நாளுக்கு மேல் ஆனதில்லை. நடுநடுவே அவன் வேண்டுமென்றே ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல வாசிப்பான். அவள் சிரித்துச் சிரித்து டிக்கைத் தப்பான வரியில் போட்டுவிட்டு அழிப்பாள்.

அந்த வருடம் அவனைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் முதலாளியே மாடியேறி வந்துவிட்டார். கூடவே மச்சான். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி மச்சான் என்றதால் கடைக்கே மச்சான். வேலை என்று ஒன்றும் கிடையாது. வேலை செய்பவர்களை வேடிக்கை பார்ப்பதே வேலை.

"எவ்ளோம்மா வித்தியாசம்?"

"பதினெட்டாயிரம், முதலாளி. டெபிட் பக்கம் குறையுது. தேடிட்டிருக்கேன்."

மச்சான் தாளை எட்டிப் பார்த்தான். "டெபிட் பக்கம்தானே ரொக்கம் இருக்கு? அந்தப் பக்கம் குறைஞ்சா ரொக்கம் குறைஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? இதுக்கு என்ன மாமா தேடுறது? கூண்டுக்குள்ள உட்காந்திருக்கான் பாருங்க."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது அந்த மனுஷனுக்குக் கைவந்த கலை. டெபிட் பக்கத்தில் ரொக்கம் மட்டுமா இருந்தது? சரக்கு, மேசை, வண்டி, பாக்கி வைத்த வாடிக்கையாளர்கள், மச்சானுக்குக் கொடுத்த கைமாற்று எல்லாம் அந்தப் பக்கம்தான்.

டிக் அக்காவுக்கு அப்போதே தெரியும். பெட்டியிலிருந்து அவன் எடுத்திருந்தால் அன்று மாலையே எண்ணிக்கையில் குறைந்திருக்கும். வந்த பணத்தைப் புத்தகத்தில் ஏற்றாமலே பையில் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் எழுதப்படாமல் போயிருக்கும். ட்ரயல் பேலன்ஸ் அட்டகாசமாக ஒத்துப்போயிருக்கும். திருட்டு நடந்தால் கணக்கு உதைக்காது. கணக்கு உதைத்தால் அது லெட்ஜர் எழுதிய ஆளின் தப்பு. லெட்ஜர் எழுதிய ஆள் அவள் ஒருத்திதான்.

"அப்படி இல்ல முதலாளி," என்று ஆரம்பித்தாள்.

"பின்ன எப்படி? உங்க தப்பா?" முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முந்தின வருஷமே ஒரு தடவை சொல்லிட்டேன். இன்னொரு தடவை தப்பு வந்தா வேற ஆள் பாத்துக்குவேன்னு. யார் தப்பா இருந்தாலும் சரி, பதினெட்டாயிரம் அந்த ஆளுகிட்டருந்து வந்தாகணும். சொல்லுங்க, உங்க தப்பா?"

அந்த வாரம்தான் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் கட்டணம் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம். அவள் வாயைத் திறந்தாள். வந்தது இதுதான்:

"பாத்துச் சொல்றேன், முதலாளி."

மூன்று வார்த்தை. பொய் ஒன்றும் இல்லை அதில். பார்க்கத்தானே போகிறாள்? ஆனால் அந்த மூன்று வார்த்தையில் ஒருவனைப் படிக்கட்டிலிருந்து தள்ளிவிட்டாள் என்பது அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்தது.

முதலாளி மூன்று நாள் கொடுத்தார். அதுவரை கேஷியர் கணக்குப் புத்தகங்களைத் தொடக்கூடாது என்றார். ஆக அவன் வந்து வாசிக்கவில்லை. அவளே இடது பக்கம் ரொக்கப் புத்தகத்தையும் வலது பக்கம் லெட்ஜரையும் வைத்துக்கொண்டு, எண்ணை நினைவில் பிடித்து, பக்கத்தைப் புரட்டி, டிக், டிக் என்று போனாள். ஒன்பதாயிரத்தைத் தேடியே ஒன்றரை நாள் போயிற்று. இடம் மாறிய எண்களைத் தேடும்போது கண் எரிந்தது. கீழே கேஷியர் அண்ணாந்து அண்ணாந்து பார்ப்பது தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் படிக்கட்டில் நின்று கேட்டான். "அக்கா, நான் வேணா இங்க நின்னே வாசிக்கட்டுமா? புத்தகத்த நீங்களே பிடிச்சுக்குங்க, நான் தொடல."

"வேணாம் தம்பி. முதலாளி பாத்தா வம்பு."

"நான் எடுக்கலக்கா."

"எனக்குத் தெரியாதா?"

"அப்ப அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அவள் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். மறுபடி காதிலேயே வைத்தாள். அவன் இறங்கிப் போனான்.

நான்காம் நாள் காலையில், போலீஸுக்குப் போவோம் என்று மச்சான் மிரட்டியதில், அவன் பதினெட்டாயிரத்தை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து முதலாளி மேசையில் வைத்தான். மனைவியின் நான்கு வளையலை விற்ற பணம். முதலாளி எண்ணச் சொன்னார். அவனே எண்ணினான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு கூண்டின் சாவியை வைத்துவிட்டுப் போனான். மச்சான் அன்றைக்கே கூண்டுக்குள் உட்கார்ந்தான். காலி நாற்காலி சூடு ஆறக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"பணம் வந்துருச்சு. கணக்க ஒழுங்கு பண்ணுங்க," என்றார் முதலாளி.

கண்டுபிடிக்க முடியாத வித்தியாசத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க சஸ்பென்ஸ் என்று ஒரு கணக்கு உண்டு. குறைந்த பதினெட்டாயிரத்தை அதில் டெபிட் போட்டு இரண்டு பக்கத்தையும் சமமாக்கி வைத்திருந்தாள். இப்போது வந்த பணத்தை ரொக்கத்தில் டெபிட், சஸ்பென்ஸில் கிரெடிட் என்று எழுதினாள். சஸ்பென்ஸ் பூஜ்யமானது. தாள் பளிச்சென்று ஒத்துக்கொண்டது. மகளின் கட்டணமும் திங்கட்கிழமை கட்டப்பட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வருட முடிவில் வாடிக்கையாளர்களிடம் பாக்கியை உறுதிசெய்யச் சொல்லிக் கேட்பது வழக்கம். ஒரு கட்டட மேஸ்திரி பதில் போட்டிருந்தார். நீங்கள் எழுதியதைவிட நான் பதினெட்டாயிரம் கூடுதலாகத் தர வேண்டும், சரிபார்க்கவும் என்று. தன் கடனைத் தானே கூட்டிச் சொல்லும் மனிதர்களும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அவள் ரசீதுப் புத்தகத்தின் கார்பன் நகலை எடுத்தாள். நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு. ரொக்கப் புத்தகத்தில், கேஷியரின் குண்டு எழுத்தில், நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு. லெட்ஜரில், மேஸ்திரி பெயரில், கிரெடிட் பக்கத்தில், அவளுடைய சொந்தக் கையெழுத்தில் அறுபத்து நாலாயிரத்து ஐந்நூறு. பக்கத்தில் அவளே போட்ட டிக். தேடின மூன்று நாளில் அந்த வரியையும் பார்த்து, சரி என்று டிக் போட்டுவிட்டுத்தான் தாண்டியிருக்கிறாள்.

அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

ஆனாலும் கீழே போனாள். அதையாவது அவள் பெயரில் வரவு வைக்க வேண்டும். மூன்று புத்தகத்தையும் முதலாளி முன் விரித்துக் காட்டினாள். "என் தப்பு முதலாளி. அந்தப் பையன் எடுக்கல. பணத்தத் திருப்பிக் குடுத்துடணும்."

முதலாளி மூன்று எண்களையும் பார்த்தார். புரியாத ஆள் இல்லை. "தப்பு பண்ணாதவன் எதுக்கும்மா பணம் கட்டினான்?" என்றார். "இப்ப நான் போய்க் கூப்பிட்டா ஊர் என்னைப் பாத்துச் சிரிக்கும். மேஸ்திரிகிட்ட அந்தப் பதினெட்டாயிரத்த வசூல் பண்ணுங்க. மத்தது முடிஞ்சு போன கதை. இல்ல, பேசித்தான் ஆகணும்னா உங்க வேலையையும் சேத்துப் பேசுவோம்."

அவள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு மாடியேறினாள். இரண்டாவது தடவையும் வாயை மூடிக்கொண்டவளை என்னவென்று சொல்வது? முதல் தடவை பயம் என்று மன்னிக்கலாம். இரண்டாவது தடவைக்கு அவளே தனக்கு மன்னிப்பு எழுதிக்கொள்ளவில்லை.

தப்பைத் திருத்தினாள். மேஸ்திரி பெயரில் பதினெட்டாயிரம் டெபிட். மறுபக்கம் சஸ்பென்ஸில் கிரெடிட். பூஜ்யமாக இருந்த சஸ்பென்ஸ் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. இந்த முறை கிரெடிட் பக்கத்தில். அதாவது, கடை யாருக்கோ பதினெட்டாயிரம் தர வேண்டும். யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். லெட்ஜரில் ஒரு புதுப் பக்கம் திறந்து, மேலே கேஷியரின் முழுப் பெயரை எழுதி, அந்தத் தொகையை அங்கே மாற்றினாள். யாரையும் கேட்கவில்லை. முதலாளி கூட்டுத்தொகையைத் தவிர வேறு எதையும் படிக்கிறவர் இல்லை.

அந்த வரி வருடாவருடம் ட்ரயல் பேலன்ஸில் வந்தது. ஆடிட்டர் ஒருமுறை கேட்டார், இது யார் என்று. "குடுக்க வேண்டிய பணம் சார். இன்னும் கேட்டு வரல," என்றாள். அவர் தலையசைத்துவிட்டுத் தாண்டினார். அவளும் ஒவ்வொரு வருடமும் அந்த வரிக்கு மட்டும் டிக் போடாமல் விட்டாள்.

இதற்கிடையில் கூண்டுக்குள் மச்சான் கொழுத்தான். வாரம் ஒரு வண்டி ரிப்பேர்ச் சீட்டு. ஓடாத வண்டிக்கு டயர். இறக்காத சரக்குக்கு இறக்குகூலி. ஒவ்வொன்றுக்கும் சீட்டு உண்டு, கையெழுத்து உண்டு. ரிப்பேர் டெபிட், ரொக்கம் கிரெடிட். சீட்டு வந்தால் அவள் எழுதத்தான் வேண்டும். ஒருமுறை கேட்டதற்கு, "அக்கா, கணக்கு ஒத்துப்போகுதா இல்லையா? அத மட்டும் பாருங்க," என்றான். ஒத்துத்தான் போனது. பன்னிரண்டு வருடமும் கடைசிப் பைசாவரை ஒத்துப்போனது. "அவன் போனதுலருந்து கணக்கு எவ்ளோ சுத்தமா இருக்கு பாத்தீங்களா?" என்று முதலாளி வருபவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். மாடியில் இருந்த அவள் காதிலும் அது விழும்.

கேஷியரை அவள் ஒரே ஒருமுறை பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் மனைவியோடு நின்றிருந்தான். அந்தப் பெண்ணின் கையில் பிளாஸ்டிக் வளையல். டிக் அக்கா தூணுக்குப் பின்னால் நின்று, பஸ்ஸைத் தவறவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனாள்.

பன்னிரண்டாம் வருடம் கம்ப்யூட்டர் வந்தது. பழைய மீதிகளையெல்லாம் மச்சான் வாசிக்க, கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்த பெண் தட்டினாள். முடிந்ததும் திரையின் அடியில் ஒரு வரி: தொடக்க மீதியில் வித்தியாசம், பதினெட்டாயிரம்.

முதலாளிக்கு இப்போது கண்ணாடி தடித்திருந்தது. குனிந்து பார்த்தார். "மறுபடியும் பதினெட்டாயிரமா? இந்தத் தடவை யாரு எடுத்தா?"

எல்லோரும் டிக் அக்காவைப் பார்த்தார்கள். அவள் மச்சான் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தாள். ஒரு வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது.

"அந்தப் பழைய கேஷியர் பேரு," என்றான் மச்சான். "அவனுக்கு எதுக்கு இன்னும் ஒரு வரி? நான்தான் அடிச்சேன்."

"ஒரு பக்கத்துல மட்டும் அடிச்சா உதைக்கும்," என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "யாரும் எடுக்கல முதலாளி. அன்னிக்கும் யாரும் எடுக்கல. அன்னிக்குச் சொல்லியிருக்கணும், எடுத்திருந்தா கணக்கு ஒத்துப்போயிருக்கும்னு. எடுக்கிற கணக்கு எப்படி ஒத்துப்போகும்னு பாக்கணும்னா பன்னெண்டு வருஷத்து ரிப்பேர்ச் சீட்டு மாடியில இருக்கு. அந்தப் பதினெட்டாயிரம் அவனோடது. நீங்க வாங்கினீங்க. நான் பாத்துட்டிருந்தேன்."

முதலாளியின் முகம் மச்சான் பக்கம் திரும்பி, திரும்பிய வேகத்தில் வேறு பக்கம் போயிற்று. கட்டிய மனைவியின் தம்பி. தட்டுகிற பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "சார், வித்தியாசத்த என்ன பண்ணட்டும்?"

"இதர வருமானம்னு போடும்மா," என்றான் மச்சான்.

முதலாளி தடுக்கவில்லை. அந்தப் பெண் தட்டினாள். திரையின் அடியில் இருந்த வரி மறைந்தது.

டிக் அக்கா அந்த மாதச் சம்பளத்தோடு நின்றுகொண்டாள். மகளுக்குக் கல்யாணமாகியிருந்தது, வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்திருந்தார், இனி பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. பயம் போனபிறகு வரும் தைரியத்தில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அவளே நினைத்துக்கொண்டாள். வங்கியிலிருந்து தன் பணத்தில் பதினெட்டாயிரம் எடுத்து, விசாரித்து விசாரித்து, அவன் வீட்டைக் கண்டுபிடித்தாள்.

இரண்டே அறை. கேஷியருக்கு முன்தலை நரைத்திருந்தது. திருடன் என்ற பேச்சு பரவிய பிறகு எந்தக் கடையிலும் பணப்பெட்டி கிடைக்கவில்லையாம்; ஒரு கிடங்கில் இரவுக் காவல். "வாங்கக்கா," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அந்த வார்த்தையே அவளைக் கொன்றது.

உறையை வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். மேஸ்திரி, கார்பன் நகல், முதலாளி, மச்சான். பயந்துவிட்டேன் என்றும் சொன்னாள். அதைச் சொல்லத்தான் நேரம் பிடித்தது.

அவன் மனைவி உறையைப் பிரித்து எண்ணினாள். "இது கடைப் பணமா, உங்க பணமா?"

"என் பணம்தான்மா."

"நாலு வளையல் வித்தோம். இன்னிக்கு இதுக்கு ஒண்ணுகூட வராது," என்றாள் அந்தப் பெண். கோபமாகக்கூட இல்லை, விலை சொல்வதுபோலச் சொன்னாள். ஆனால் பணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வந்தாள். அது டிக் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கேஷியர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். "என்ன எண்ணுக்கா அது?"

"நாப்பத்தாறாயிரத்து ஐந்நூறு. நான் அறுபத்து நாலுன்னு எழுதிட்டேன்."

அவன் உதடு அசைந்தது. பழைய பழக்கம். இந்த முறை மட்டும் சத்தம் வந்தது. ரேடியோவில் செய்தி வாசிக்கும் அந்தக் குரல். "நாற்பத்தாறாயிரத்து... ஐந்நூறு." வாசித்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"நான் வாசிச்சிருந்தா ஒரு மணி நேரத்துல சிக்கியிருக்குமேக்கா," என்றான்.